லேயாளின் காலை

சௌந்திரம் டீச்சருக்குச் சண்டை போடவே தெரியாது என்று அவள் தெருவில் இருந்தவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். திருச்செங்கோட்டில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள் அவள். கட்டுரை நோட்டில் ஒற்று விட்ட பிள்ளையோடும், நிறுத்தத்தைத் தாண்டி வண்டியை நிறுத்திய கண்டக்டரோடும், தமிழ் வகுப்பைக் குறைத்து அட்டவணை போட்ட தலைமையாசிரியையோடும் அவள் நன்றாகவே மல்லுக்கு நிற்பாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த ஆள் காணாமல் போய்விடுவாள். புருஷன் சின்னண்ணன் உப்பில்லை என்றால் உப்பு வரும். வேண்டாம் என்றால் வேண்டாம். இது வேண்டும், அது வேண்டும் என்று அவரிடம் அவள் கேட்டதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை.

புருஷனிடம் பயம் என்று சிலர் நினைத்தார்கள். சின்னண்ணனைப் பார்த்து ஒரு கோழிக்குஞ்சு கூடப் பயப்படாது. காரணம் வேறு. அவரை ஏமாற்றித் தன்னை அவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவள் நம்பினாள். ஏமாந்து போன மனுஷனிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

விஷயம் இதுதான். சௌந்திரத்துக்கு வசந்தாமணி என்று ஒரு தங்கை. நல்ல நிறம், பெரிய கண், சிரித்தால் இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும். சௌந்திரம் கறுப்பு. போதாக்குறைக்குப் பதினைந்து வயதிலேயே கண்ணாடி. ஒரு வைகாசித் தேர்நோம்பியில், தேர் இழுக்கிற கூட்டத்தில், சின்னண்ணன் வசந்தாமணியைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்த் தன் அக்கா பொன்னாத்தாளிடம், "நாச்சிமுத்து மகள்" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளைப் பையன் அவ்வளவு சொன்னதே அதிகம். பெரியவர்கள் போய் நாச்சிமுத்துவிடம் பெண் கேட்டார்கள். மூத்தவள் வீட்டில் இருக்கும்போது இளையவளைக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. நாச்சிமுத்து மூத்தவளைக் கொடுக்கச் சம்மதித்தார். யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை. எந்த மகள் என்று கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை, சொல்லவேண்டியவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மணவறையில் சௌந்திரம் கூறைச்சேலை முக்காட்டோடு குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டுவதற்காக முக்காட்டை விலக்கி முகத்தை நிமிர்த்தினார்கள். கண்ணாடியைக் கழற்றிவைத்திருந்தார்கள் என்றாலும் அந்தத் தூரத்துக்கு அவளுக்குக் கண் தெரியும். மாப்பிள்ளையின் கண் அவள் மேல் பட்டது. பட்ட வேகத்தில் அவளைத் தாண்டிப் போய், பின்னால் விளக்கு வைத்துக்கொண்டு நின்ற வசந்தாமணி மேல் நின்றது. பிறகு குனிந்து தாலியைக் கட்டினார். தேர்நோம்பிக் கதையை ஒரு வாரம் கழித்து யாரோ சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னார்கள். அப்போது அந்தப் பார்வைக்கு அவளுக்கு அர்த்தம் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் குரலை உயர்த்தவில்லை.

சின்னண்ணன் நல்லவிதமாகவே நடந்துகொண்டார். அவள் படிக்க ஆசைப்பட்டது தெரிந்து, சேலத்திலிருந்து புத்தகம் வாங்கி வந்து போட்டார். வீட்டிலிருந்தே படித்து வித்துவான் தேர்வு எழுதினாள், வேலைக்குப் போனாள், ஒரு மகனைப் பெற்று வளர்த்துக் கோயமுத்தூருக்குப் படிக்க அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள். புருஷனுக்குப் பெண்டாட்டி இத்தனை நன்றி சொல்லிக்கொண்டிருப்பது நல்லதில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

அவள் வேதாகம வேலைக்குப் போனது எழுபதுகளின் கடைசியில். சேலத்தில் ஒரு வாடகை வீட்டில் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்து நேராக, எல்லாருக்கும் புரிகிற தமிழில் பெயர்க்கும் வேலை நடந்தது. எபிரேயம் தெரிந்தவர் ஒருவர், தமிழ் நடை பார்ப்பவர் ஒருவர். நடை பார்ப்பவர் கிறிஸ்தவ சபையைச் சேராதவராக இருந்தால் நல்லது என்று தேடினார்கள். சபைக்காரர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பு காதில் ஊறிப்போயிருக்கும், புரியாதது கூடப் புரிந்த மாதிரி இருக்கும். சௌந்திரத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. சனிக்கிழமைகளிலும் கோடை விடுமுறையிலும் பஸ் ஏறிப் போய்வந்தாள்.

எபிரேயம் தெரிந்தவர் போதகர் சென்றாயன். அது ஒரு மலைமேல் இருக்கும் பெருமாளின் பேர். அவருடைய அப்பா காலத்தில்தான் அந்தக் குடும்பம் சபைக்கு வந்தது. இவருடைய ஞானஸ்நானத்தின்போது பேரை மாற்றச் சொன்னதற்கு, "கூப்புட்டாத் திரும்பிப் பாக்கறனே, அது போதாதுங்களா" என்றாராம். பெங்களூரில் எபிரேயம் படித்தவர். வெற்றிலை போடுவார், போட்டால் பேசமாட்டார். அதனால் அவர் வாயில் வெற்றிலை இருக்கும் நேரமாகப் பார்த்துச் சௌந்திரம் தன் கட்சியைச் சொல்லி முடித்துவிடுவாள்.

ஆதியாகமத்தில் யாக்கோபு தன் தாய்மாமன் லாபானின் ஊருக்குப் போய்ச் சேரும் அதிகாரம் வந்தது. லாபானுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் லேயாள், கண் மங்கலானவள் என்று பலர் சொல்வார்கள். இளையவள் ராகேல், அழகி. யாக்கோபு ராகேலைக் கேட்கிறான், அவளுக்காக ஏழு வருஷம் மாமன் வீட்டில் உழைக்கிறான். கல்யாண விருந்து முடிந்த இரவு மாமன் லேயாளைக் கூட்டி வந்து விட்டுவிடுகிறான். காலையில் யாக்கோபு கேட்டால், இளையவளை முன்னால் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை என்கிறான்.

சௌந்திரம் முதல் தடவை இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்ததப் பாக்கலாமுங்க" என்றாள்.

அந்த அதிகாரத்தில் 'ஹின்னே' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எபிரேய வேதத்தில் அது ஆயிரம் இடத்துக்கு மேல் வரும். பழைய மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் 'இதோ' என்று போட்டிருந்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே 'இதோ' என்பது எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி மாதிரி, சில கதவு திறக்கும். சென்றாயன் சொன்னார்:

"இது பொருள் சொல்ற சொல் இல்லீங்க டீச்சர். கண்ணத் திருப்பற சொல். யாரு கண்ண, எந்தப் பக்கமுன்னு எடத்துக்கு எடம் பாக்கோணும்."

முதலில் வந்தது எளிதாகப் போனது. யாக்கோபு ஊருக்குள் வரும்போது பார்க்கிறான், ஹின்னே, வெளியில் ஒரு கிணறு, ஹின்னே, அதன் பக்கத்தில் மூன்று ஆட்டு மந்தைகள் படுத்திருக்கின்றன. சௌந்திரம் 'இதோ'வை எடுத்துவிட்டாள். "பார்த்தான். காட்டுவெளியில் ஒரு கிணறு. கிணற்றடியில் மூன்று மந்தை ஆடுகள் படுத்துக் கிடக்கின்றன" என்று எழுதினாள். கதை இறந்தகாலத்தில் போய்க்கொண்டிருக்க, அவன் கண்ணில் படுவது மட்டும் நிகழ்காலத்தில் நின்றது. சென்றாயன் வெற்றிலையோடு தலையாட்டினார்.

இரண்டாவது மேய்ப்பர்களின் பேச்சில். லாபான் சுகமா என்று கேட்கிற யாக்கோபுக்கு, சுகம்தான், ஹின்னே, அவருடைய மகள் ராகேல் ஆடுகளோடு வருகிறாள் என்கிறார்கள். இங்கே ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குக் கை நீட்டிக் காட்டுகிறான். சௌந்திரம் 'அதோ' என்று போட்டாள். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

மூன்றாவதில்தான் சிக்கல். எபிரேயத்தில் அந்த வரி மிகச் சின்னது. சென்றாயன் சொல்லுக்குச் சொல் வைத்துக் காட்டினார்: காலை ஆயிற்று, ஹின்னே, அவள், லேயாள். பார்த்தான் என்று இல்லை. திடுக்கிட்டான் என்று இல்லை. ஹின்னேவுக்குப் பின்னால் வினைச்சொல்லே கிடையாது.

"அப்ப எடுத்துரலாமுங்க" என்றாள் சௌந்திரம். "'இதோ, அவள் லேயாள்'னு போட்டா யாரோ யாருக்கோ பொண்ணு காட்டற மாதிரி இருக்குது. 'காலையில் லேயாள் அங்கே இருந்தாள்.' போதும்."

"ஹின்னே எங்கீங்க?"

"மூலத்துல பார்த்தான்னு இல்லைனு நீங்கதான சொன்னீங்க. இல்லாத பார்வைய நாம எதுக்குங்க போடோணும்?"

சென்றாயன் வெற்றிலையைத் துப்பப் போனார். திரும்பி வந்தபோது அவள் அடுத்த வரிக்குப் போயிருந்தாள். அவளுடைய வாதத்தில் படிப்பாளிக்குக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவள் அதைச் சொன்னது படிப்பினால் அல்ல. அந்தக் காலையில் அந்த ஆணின் முகத்தை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை.

எழுதியதை அப்படியே அச்சுக்கு அனுப்பமாட்டார்கள். ஊரில் கொண்டுபோய்ச் சோதிப்பார்கள். அதற்கு ஒரு முறை இருந்தது. நாலைந்து பேரை உட்காரவைத்து இரண்டு தடவை படித்துக் காட்டுவார்கள். அந்த நேரம் ஒருவரை மட்டும் காது கேட்காத தூரத்தில் நிறுத்திவைப்பார்கள். பிறகு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படித்ததைக் கேட்டவர்களில் ஒருவரை அவருக்குக் கதை சொல்லச் சொல்வார்கள். கேட்டவர் என்ன சொல்கிறாரோ அதுதான் மொழிபெயர்ப்பு உண்மையில் சொன்னது. எழுதியவர்கள் குறுக்கே பேசக் கூடாது.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் களத்தில் படித்தார்கள். களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. மாதையன் என்கிற பண்ணைக்காரரை வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்தார்கள். படித்து முடித்ததும் அவர் வந்தார். மஞ்சள் பிரித்துக்கொண்டிருந்த அத்தாயி, ஐம்பது வயதுக்காரி, அவருக்குக் கதை சொன்னாள். மாமன், மாமன் மகள், ஏழு வருஷ உழைப்பு எல்லாம் சுத்தமாக வந்தது. கல்யாண இரவு வந்தது.

"ரவைக்கு மாமன் மூத்தவளக் கூட்டியாந்து உட்டான். இவனும் சேத்துக்கிட்டான். காலைல அவ இருந்தா. ஒடனே மாமன்கிட்டப் போயி, ஏன் இப்பிடிப் பண்ணுனீங்கன்னு சண்டை புடிக்கறான்."

"அதெப்பிடி?" என்றார் மாதையன். "ரவைக்குத் தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியாம என்னுங். அவனுக்குத் தெரியும். ரெண்டு புள்ளையும் வேணுமுன்னு நடிக்கறான். பாருங்க, பொறவு சின்னவளையும் கட்டிக்கறானா இல்லையா?"

களத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கெட்டிக்காரப் பயல் என்று மாதையன் மெச்சினார். சென்றாயன் சௌந்திரத்தின் பக்கம் திரும்பவில்லை. அந்த மரியாதை அவருக்கு உண்டு. அவள் காது சூடாகிவிட்டது. ஒரு வரியில் ஒரு சொல்லை எடுத்ததில் ஏமாந்தவன் ஏமாற்றுக்காரனாகிவிட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் சென்றாயன்தான் பேச்சை எடுத்தார்.

"லேயாளத்தான் உட்டாங்கன்னு ராத்திரியே படிக்கறவனுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க டீச்சர். கதை சொல்றவன் சொல்லிப்போட்டான். யாக்கோபுக்கு மட்டுந்தான் தெரியாது. காலைல ஹின்னேன்னு சொன்னதும் கதை சொல்றவன் நகந்துக்கறான். நாம போயி யாக்கோபோட கண்ணுக்குப் பின்னால நின்னுக்கறம். அவன் பாக்கறதத்தான் நாமளும் பாக்கறம். அந்தச் சொல்ல எடுத்தா அவன் கண்ணே போயிருது. அப்புறம் அவனுக்கும் நமக்குத் தெரிஞ்சதெல்லாம் தெரிஞ்ச மாதிரி ஆயிருது."

"சரிங்க. போட்டுத்தாரேன்."

"சனிக்கெழமை பெங்களூர்ல இருந்து ஆலோசகர் வாராருங்க. அதிகாரம் முழுசும் பாப்பாரு."

அந்த வாரம் அவள் எழுதிப் பார்த்ததையெல்லாம் சென்றாயன் அடித்தார். 'யாக்கோபு அதிர்ச்சி அடைந்தான்.' அவன் என்ன அடைந்தான் என்று மூலம் சொல்லவில்லை, கண் முன்னால் என்ன இருந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. 'திடீரென்று அவள் லேயாளாக இருந்தாள்.' இரவெல்லாம் அவள்தான், திடீரென்று ஆகவில்லை. 'ஐயோ, லேயாள்.' இது லேயாளுக்கு மரியாதையில்லை என்று அவளே அடித்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாக்கோபுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட காலை ஒன்றுதான். இத்தனை வருஷமும் அவள் அதைத் தன் இடத்திலிருந்தே பார்த்திருந்தாள். கண் தன் மேல் படுவதும் தாண்டிப் போவதும். இப்போது மனசுக்குள் எழுந்து எதிர்ப்பக்கம் போனாள். மாப்பிள்ளையாக உட்கார்ந்தாள். முக்காடு விலகுகிறது. எதிர்பார்த்த முகம் இல்லை. கறுப்பாக ஒரு பெண், கண்ணாடியைக் கழற்றிய தடம் மூக்கில் இருக்கிறது, பயந்துபோயிருக்கிறாள்.

அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் வந்தது. அந்த ஆணின் மேலும் வந்தது. மேஜைமேல் இருந்த தாளில் எழுதினாள்: "விடிந்து பார்த்தால், லேயாள்."

அவ்வளவுதான். ஊரில் யாரும் தினம் பத்துத் தடவை சொல்வது. போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது, திரும்பிப் பார்த்தால் மாட்டைக் காணோம். பார்ப்பது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முடிக்கிற வினை இல்லை, எபிரேயத்திலும் இல்லை. பேர் கடைசியில் வந்து நிற்கிறது.

ஆலோசகர் விடவில்லை. 'பார்' என்ற வினை மூலத்தில் உண்டா என்று கேட்டார். இல்லை, அந்த வேலையை அங்கே ஹின்னே செய்கிறது என்று சென்றாயன் சொன்னார். அப்படியானால் ஹின்னே வரும் இடமெல்லாம் 'பார்த்தால்' என்றே போட்டுவிடலாமே என்றார் ஆலோசகர். சௌந்திரத்துக்குப் பள்ளிக்கூடத்துக் குரல் வந்துவிட்டது. மேய்ப்பன் கை நீட்டிக் காட்டுகிற இடத்தில் 'அதோ'தான் வரும் என்றாள். கடவுள் கூப்பிடும்போது ஆபிரகாம் பதில் சொல்கிற இடத்தில் இரண்டுமே ஆகாது, 'இங்கே இருக்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும், போன மாதம் அப்படித்தான் முடிவு செய்தோம் என்றாள். எல்லாவற்றுக்கும் ஒன்றைப் போட்டால் பழைய 'இதோ'வை இறக்கிவிட்டுப் புது 'இதோ'வை ஏற்றியதாகும் என்றும் சொன்னாள். ஆலோசகர் சிரித்துவிட்டார். ஊரில் இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு வரியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மறுபடி அதே களம். மாதையனுக்குக் கதை தெரிந்துவிட்டதால் வேறு ஒருவரை வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்கள். அந்த வரி வந்தபோது அத்தாயியின் கை மஞ்சளில் நின்றது. புதியவருக்குக் கதை சொல்லும்போது, "விடிஞ்சு பாத்தா மூத்தவ" என்றாள். மாதையன், "அட, அவனுக்குத் தெரியாதுங்கறேன்" என்று தான் அன்றைக்குச் சொன்னதையே மறந்து சொன்னார். மாமனை எல்லாரும் திட்டினார்கள். சென்றாயனுக்கு அன்றைக்கு வெற்றிலை கூட வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது அத்தாயி கேட்டாள்: "ஏனுங் டீச்சரம்மா, அவன் பாத்தான், சரி. அந்தப் புள்ள அப்ப எங்க பாத்துச்சுங்?"

"அது எழுதலீங்க" என்றார் சென்றாயன்.

சௌந்திரம் தாள்களை மடித்துப் பையில் வைத்தாள். சரியான வரியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் இருக்க வேண்டும், இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்த வரியில் லேயாள் என்றைக்கும் பார்க்கப்படுகிறவள்தான். நானும் அப்படித்தான் என்று நினைத்தாள். கூட வாழ்ந்த மனுஷனுக்கு நான் ஒரு தப்பு நடந்த காலை, மற்றதெல்லாம் அவருடைய பெருந்தன்மை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இனிமேல் அந்த வீட்டில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. தெரிந்துகொண்டால் இருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

ஒரு அதிகாரம் முடிந்தால் அவள் அதைச் சின்னண்ணனுக்குப் படித்துக் காட்டுவது உண்டு. அவருக்கு ஆடு, மாடு, கிணறு வரும் இடமெல்லாம் பிடிக்கும். இந்த அதிகாரத்தை மட்டும் தாண்டி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து பம்புசெட்டின் வாசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் தாளை எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். மூன்று மந்தை ஒரு கிணற்றடியில் தண்ணிக்குக் காத்துக் கிடந்தது அவருக்குப் பிடித்தது. விருந்து வந்தது. இரவு வந்தது. "விடிந்து பார்த்தால், லேயாள்" என்று அவள் குரல் மாறாமல் படித்தாள். கடைசி வரைக்கும் படித்துத் தாளை மடித்தாள்.

சின்னண்ணன் கையை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்தார்.

"பாவம் அந்தப் பையன்" என்றார்.

"உங்களுக்கும் அப்பிடித்தான" என்றாள் அவள். சொல்லிவிட்டாள். இனி வாயை மூடி லாபமில்லை. "முக்காட்ட எடுத்தாங்க. என்னையப் பாத்தீங்க. அப்புறம் வசந்தாவத்தான் தேடுனீங்க. நான் பாத்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

"எனக்கு அப்பவா தெரிஞ்சுது?" என்றார். "கண்ணாலத்துக்கு மொத நாளே தெரியும் புள்ள. பத்திரிகைல போட்ட பேரு எவளுதுன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. எங்கக்கா பக்கத்துல ஒக்காந்து இணைச்சீரு பண்ணறப்பக் காதுல சொல்லுச்சு. பொண்ணு மூத்தவளாம்டா, உனக்கு வேண்டாமுன்னா இப்பச் சொல்லு, நான் கண்ணாலத்த நிறுத்தறேன்னுச்சு."

சௌந்திரம் தாளைக் கீழே வைத்தாள்.

"ஏன் வேண்டாமுன்னு சொல்லல?"

"சொல்லோணும்னுதான் எந்திரிச்சேன். உங்கூட்டுக் கதவோரம் வந்தேன். நீ உள்ள ஒக்காந்து சௌந்திரத்துக்குச் 'சௌ'வா 'சவு'வான்னு கண்ணாலப் பத்திரிகை அடிச்சவனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தே. பேரத் தப்பா அடிச்சுப்போட்டான்னு. மறுநா கண்ணாலம், பொண்ணு சத்தம் தெருவுக்குக் கேக்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சரி, இவளே இருக்கட்டுமுன்னு திரும்பிப் போய்ட்டேன்."

"அப்ப வசந்தாவ எதுக்குப் பாத்தீங்க?"

"பாத்தேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். நோம்பில ஆசைப்பட்டது அந்தப் புள்ளையத்தான. தாலி கட்டறதுக்கு முன்னால ஒருவாட்டி பாத்தேன், சரி போச்சுன்னு கட்டுனேன். அத்தோட முடிஞ்சுது." பம்புசெட்டின் வாசரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்புறம் என்னமோ, வந்த நாள்ல இருந்து நீ சத்தமே போடல. சண்டைக்காரின்னு நெனச்சுக் கட்டுனேன். பள்ளிக்கூடத்துலதான் போடறயாமா. என்னையப் புடிக்கல போல, வேண்டாத ஊட்டுல வந்து மாட்டிக்கிட்டமுன்னு நெனைக்கறா போலன்னு இருந்துட்டேன்."

அவள் எழுந்து நின்றாள். இருபது வருஷத்துக்கும் மேல் ஒரு மனுஷனுக்கு உபகாரம் செய்துகொண்டிருந்திருக்கிறாள், அவருக்கு அது தண்டனையாக இருந்திருக்கிறது. அவரும் தன் பங்குக்கு மரியாதையாகத் தள்ளியே நின்றிருக்கிறார். சந்தோஷம் வரும் என்று நினைத்தால் முதலில் வந்தது கோபம்தான், கால் பெருவிரலிலிருந்து கிளம்பி வந்தது.

"இத ஒரு நாளு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேக்கல."

"நான் கேக்கலீன்னா? நான் எதுக்குக் கேக்கோணும்? கட்டுனது நீங்க, தெரிஞ்சது உங்களுக்கு, எங்கதவோரம் வந்து ஒட்டுக் கேட்டது நீங்க. நான் ஒண்ணும் தெரியாம மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு உங்களுக்கு உப்புக்கும் புளிக்கும் பயந்து சாவோணும், நீங்க சும்மா ஒக்காந்து எனக்கு உங்களப் புடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க."

பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். டீச்சர் வீட்டில் சத்தம் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. சின்னண்ணன் அவளைப் பார்த்து ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

"அவங்கள எதுக்குப் போகச் சொல்றீங்க? கேக்கட்டும். ஊரே கேக்கட்டும்."

அன்று சௌந்திரம் அவருக்குச் சோறு போடவில்லை. அவர் தானே போட்டுக்கொண்டார், ரசம் கொஞ்சம் புளிப்பு என்றார். புளிப்பாக இருந்தால் நாளைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் உள்ளேயிருந்து. சரி என்று அவர் சொன்னதில் இருந்த சந்தோஷம் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. வெளியே வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்து, பத்திரிகை அடித்தவனிலிருந்து ஆரம்பித்து வருஷம் வருஷமாக எடுத்து வைத்துச் சண்டை போட்டாள். சின்னண்ணன் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.